தாளில் இல்லாததை எழுதும் மெஷின்: பிடிக்க மூன்று வழி, எது எதைப் பிடிக்கும்?

சுங்கை சிப்புட்டில் தோட்டச் சாமான் விற்கும் கடைகள் இப்போது ஷோப்பியிலும் லசாடாவிலும் பொருளை ஏற்றுகின்றன. செம்பனைக் குலை வெட்டும் அரிவாளிலிருந்து மருந்தடிக்கும் பம்பு வரை ஒவ்வொன்றுக்கும் மலாயில் விவரம் எழுதியாக வேண்டும். அதற்கென்று தனி ஆள் வைக்க முடியாது. அதனால் சப்ளையர் அனுப்பும் அளவுத்தாளை ஏஐ கருவியிடம் கொடுத்து எழுதி வாங்குகிறார்கள். எழுத்து நன்றாகவே வருகிறது. தாளில் இல்லாத சில அளவுகளும் சேர்ந்தே வருகின்றன.

புல்வெட்டி மெஷினுக்கான ஆயிரக்கணக்கான விளம்பரங்களைப் படித்துப் பழகிய கருவி அது. சிசி, எடை என்று எழுதிக்கொண்டே போனால் அடுத்து வழக்கமாக வருவது உத்தரவாதம், அதிர்வு குறைக்கும் கைப்பிடி. தாளில் அவை இருக்கிறதோ இல்லையோ, வழக்கமான இடத்தில் வழக்கமானதை நிரப்பிவிடும். ஆகவே அது கற்பனை செய்யும் எதுவும் கற்பனை மாதிரித் தெரியாது. 'படிக்க நம்பும்படி இருக்கிறதா' என்று பார்ப்பவர் ஏமாந்துதான் போவார். 'தாளில் இருக்கிறதா' என்ற கேள்வி ஒன்றுதான் உதவும். மலேசியாவின் 2011-ஆம் ஆண்டு வணிக விவரணச் சட்டப்படி பொருளைப் பற்றிப் பொய்யான விவரம் கொடுத்து விற்பது குற்றம். எழுதியது எந்தக் கருவியாக இருந்தாலும் விற்பது கடைதான்.

ஒரு புல்வெட்டியை எடுத்துக்கொள்வோம். சப்ளையரின் தாளில் இருப்பது இவ்வளவே: என்ஜின் 1E40F-5, இரண்டு ஸ்ட்ரோக், 42.7 cc, அதிகபட்ச சக்தி 1.25 kW / 6500 rpm, டாங்கி 1.2 L, குழாய் விட்டம் 28 mm, எடை 7.5 kg, பெட்ரோல்-எண்ணெய் கலவை 25:1.

கருவி மலாயில் எழுதிக் கொடுத்த விவரத்தைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: "42.7 cc இரண்டு ஸ்ட்ரோக் என்ஜின், 1.7 hp சக்தி. கத்தி 6500 rpm வேகத்தில் சுழலும். 1.2 லிட்டர் டாங்கியை நிரப்பினால் 2 மணி நேரம் ஓடும். துருப்பிடிக்காத அலுமினியக் குழாய், விட்டம் 28 mm. அதிர்வு குறைக்கும் கைப்பிடி. எடை 7.5 kg. சிரிம் அங்கீகாரம், 12 மாத உத்தரவாதம்."

இதில் தாளில் ஆதாரம் இல்லாதவை ஆறு: கத்தியின் வேகம், 2 மணி நேரம், அலுமினியம், கைப்பிடி, சிரிம், உத்தரவாதம். 1.7 hp தாளில் இல்லைதான், ஆனால் 1.25 kW-ஐ மாற்றிப் பார்த்தால் அதுதான் வருகிறது. ஆக, அது பொய் இல்லை. இந்த ஆறில் எதை எந்த வழி பிடிக்கிறது என்று பார்ப்போம்.

முதல் வழி, ஆள் படித்துப் பார்ப்பது. திரையை மட்டும் பார்த்துப் படித்தால் ஆறும் தப்பிவிடும். எல்லாமே நம்பும்படிதான் இருக்கின்றன. பொருளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தால் கதை வேறு. சரக்கு எடுத்து வைக்கும் அக்காவிடம் கேட்டால், "சிரிம் லேபிள் பெட்டியில ஒட்டியிருக்கா பாரு தம்பி, இல்லேன்னா எடுத்துரு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். கைப்பிடியில் ரப்பரோ ஸ்பிரிங்கோ இருக்கிறதா என்பது தொட்டாலே தெரியும். குழாயில் ஒரு காந்தத்தை வைத்தால் போதும், ஒட்டிக்கொண்டால் அலுமினியம் இல்லை. உத்தரவாத அட்டை பெட்டிக்குள் இருக்கும், அல்லது இருக்காது. ஆனால் கத்தியின் வேகத்தையும், டாங்கி எவ்வளவு நேரம் தாங்கும் என்பதையும் பார்வையால் சொல்ல முடியாது. இன்னொரு குறையும் உண்டு. ஒரே மாதிரி விவரங்களை வரிசையாகப் படிக்கும்போது கண் பழகிவிடுகிறது, பிற்பாதியில் வருபவை சும்மா கடந்துபோகும்.

இரண்டாவது வழி, எண்களைக் கணினியே ஒப்பிடுவது. விவரத்தில் உள்ள ஒவ்வோர் எண்ணையும் அதன் அலகோடு பிரித்தெடுத்து, தாளில் அதே ஜோடி இருக்கிறதா என்று பார்க்கிறோம். பைத்தானில் நான்கே வரி. `listing` என்பதில் விவரத்தையும் `sheet` என்பதில் தாளையும் முதலில் வைத்துக்கொள்ள வேண்டும்:

```python
import re
PAT = r"(\d+(?:\.\d+)?)\s*(cc|kW|hp|kg|mm|L|liter|rpm|jam|bulan)\b"
def facts(t): return {(float(n), u.lower()) for n, u in re.findall(PAT, t, re.I)}
print(facts(listing) - facts(sheet))
```

நம் புல்வெட்டிக்கு இது நான்கு ஜோடிகளைக் காட்டும்: 2 `jam`, 12 `bulan`, 1.7 `hp`, 1.2 `liter`. முதல் இரண்டும் உண்மையான கற்பனைகள். 1.7 வெறும் அலகு மாற்றம். கடைசியானது, தாளில் `L` என்றும் விவரத்தில் `liter` என்றும் எழுதியிருப்பதால் வந்த வீண் எச்சரிக்கை. `liter` என்பதை `L` ஆக மாற்றிவிட்டு ஒப்பிட்டால் அது போய்விடும்.

வீண் எச்சரிக்கையைவிட நான் அதிகம் பயப்படுவது சத்தமில்லாமல் தவறவிடுவதற்குத்தான். பட்டியலில் `jam` என்ற அலகைச் சேர்க்க மறந்திருந்தால் அந்த 2 மணி நேரம் கண்ணில் பட்டிருக்காது, திரையும் ஒன்றும் சொல்லாது. காற்புள்ளி இன்னும் மோசம். 6,500 rpm என்று எழுதியிருந்தால் இந்தக் குறிமுறை அதை 500 rpm என்று படிக்கும். தாளில் 6,500 என்றும் விவரத்தில் 3,500 என்றும் இருந்தால் இரண்டும் 500 ஆகி, பொருந்திவிட்டதாகக் கணக்காகும். அதனால் ஒப்பிடும் முன்பே எண்களுக்கு நடுவிலுள்ள காற்புள்ளிகளை நீக்கிவிட வேண்டும்.

எண்ணே இல்லாத கற்பனைகள், அதாவது அலுமினியம், கைப்பிடி, சிரிம் மூன்றும் இந்த வலையில் விழாது. 6500 rpm-உம் விழாது, ஏனென்றால் அந்த எண் தாளில் இருக்கிறது. ஆனால் தாள் சொல்வது என்ஜின் அதிகபட்ச சக்தி கொடுக்கும் வேகம். கத்தி, கியர் பெட்டி வழியாக, அதைவிட மெதுவாகச் சுழல்கிறது. சரியான எண்ணைத் தவறான இடத்தில் ஒட்டும் இந்த வகைதான் எண் ஒப்பீட்டுக்குப் பெரிய ஓட்டை.

மூன்றாவது வழி, இன்னொரு ஏஐ கருவியை நீதிபதியாக வைப்பது. இங்கே கேள்வி கேட்கும் விதத்தில்தான் எல்லாமே இருக்கிறது. தாளையும் விவரத்தையும் கொடுத்து "இது சரியா?" என்று கேட்டால், பெரும்பாலும் சரி என்றே வரும். டாங்கி 1.2 லிட்டர் இருப்பதால் 2 மணி நேரம் நியாயம்தான் என்று அதுவே காரணமும் கண்டுபிடித்துக் கொடுக்கும். இந்த மாதிரி என்ஜின் முழு வேகத்தில் மணிக்கு முக்கால் லிட்டருக்கு மேல் குடிக்கும் என்பதால், மெதுவாக ஓட்டினால் 2 மணி நேரம் நடக்கக்கூடியதே. நடக்கக்கூடியது என்பது வேறு, சப்ளையர் சொன்னது என்பது வேறு. தோட்டத்துக் கங்காணி அந்த வரியை நம்பித்தான் எத்தனை போத்தல் பெட்ரோல் கொண்டுபோவது என்று கணக்குப் போடுவார்.

அதனால் கேள்வியை மாற்ற வேண்டும். விவரத்தைச் சிறு கூற்றுகளாக உடைத்து, ஒவ்வொன்றுக்கும் "தாளில் எந்த வரி இதைச் சொல்கிறது? அந்த வரியை எழுத்து மாறாமல் பிரதியெடு, இல்லாவிட்டால் 'இல்லை' என்று எழுது" என்று கேட்க வேண்டும். உடைப்பது முக்கியம். "துருப்பிடிக்காத அலுமினியக் குழாய், விட்டம் 28 mm" என்பதை ஒரே கூற்றாகக் கொடுத்தால், 28 mm என்ற உண்மைப் பாதி பொய்ப் பாதியையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். பிறகு, கருவி கொடுத்த மேற்கோள் உண்மையிலேயே தாளில் இருக்கிறதா என்பதைக் குறிமுறையால் சரிபார்க்க வேண்டும், ஏனென்றால் மேற்கோளையே கற்பனை செய்யவும் அதற்குத் தெரியும். பைத்தானில் `quote in sheet` என்ற ஒரு வரி போதும்.

இப்படிக் கேட்டால் அலுமினியம், கைப்பிடி, சிரிம், உத்தரவாதம், 2 மணி நேரம் ஆகியவற்றுக்குக் காட்ட வரி கிடைக்காது. கத்தியின் வேகத்துக்கு மட்டும் "அதிகபட்ச சக்தி 1.25 kW / 6500 rpm" என்ற வரியைக் காட்டக்கூடும். மேற்கோள் தாளில் இருப்பதால் குறிமுறையும் அதை ஏற்றுக்கொள்ளும். ஆனால் கூற்றும் மேற்கோளும் அருகருகே இருக்கும்போது, தாளில் கத்தி என்ற சொல்லே இல்லை என்பது படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும்.

இன்னொரு வழியும் சொல்வார்கள்: ஒரே விவரத்தைப் பல தடவை எழுதவைத்து, தடவைக்குத் தடவை மாறுவதைக் கற்பனை என்று கொள்வது. புல்வெட்டிக்கு இது ஒத்துவராது. அதிர்வு குறைக்கும் கைப்பிடி எல்லா விளம்பரத்திலும் வருவதால் ஒவ்வொரு தடவையும் வரும்.

இந்தத் தொழிலுக்கு என் தேர்வு, எண் ஒப்பீட்டையும் மேற்கோள் கேட்கும் நீதிபதியையும் முதலில் ஓடவிட்டு, அவை குறித்த வரிகளையும் கூற்று-மேற்கோள் ஜோடிகளையும் பொருளோடு உட்கார்ந்து ஆள் பார்ப்பது. ஆளின் கண்ணை முழு விவரத்தில் செலவழிக்கக் கூடாது, சந்தேகமான நாலைந்து வரியில் செலவழிக்க வேண்டும். பிடிபட்ட வரியைத் திருத்தித் தரும்படி எழுதிய கருவியிடமே கேட்காதீர்கள். 2 மணி நேரத்தை 'நீண்ட நேரம்' என்று மாற்றித் தரும், ஆதாரம் அப்போதும் இருக்காது. வரியையே எடுத்துவிடுவதுதான் சரி.

சோதனை முறையையும் சோதிக்கலாம். சரி என்று உறுதியான பத்து விவரங்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு பொய்யை நீங்களே நுழைத்துவிடுங்கள். சிலவற்றில் எண்ணோடு, சிலவற்றில் எண் இல்லாமல், சிலவற்றில் எண்ணை இடம் மாற்றி. எது தப்பிப் போகிறது என்று பார்த்தால் உங்கள் வலையில் ஓட்டை எங்கே என்பது தெரிந்துவிடும். நல்ல வரிகளில் எத்தனையை வீணாகக் குறிக்கிறது என்பதையும் எண்ணுங்கள். அது அதிகமானால் கடையில் யாரும் எச்சரிக்கையைத் திறந்தே பார்க்க மாட்டார்கள்.

இவை எல்லாவற்றையும் தாண்டும் பொய் ஒன்று உண்டு: தாளிலேயே இருக்கும் பொய். என்ஜின் 1E40F-5 என்றும் கொள்ளளவு 52 cc என்றும் ஒரு தாளில் வந்தால், இரண்டும் ஒத்துப்போகாது. அந்தக் குறியீட்டில் 40 என்பது சிலிண்டரின் விட்டம் மில்லிமீட்டரில். இந்த வகையில் பிஸ்டன் நகர்வு 34 mm. சென்டிமீட்டரில் கணக்குப் போட்டால் 3.1416 ÷ 4 × 4² × 3.4 = 42.7 cc. 52 cc என்று விற்க வேண்டுமானால் விட்டம் 44 mm இருக்க வேண்டும், அப்போதுதான் 51.7 வரும். தாளை உண்மை என்று எடுத்துக்கொள்ளும் குறிமுறையும் நீதிபதியும் 52 cc என்பதை எந்தத் தடையும் இல்லாமல் விட்டுவிடும். பெட்டியைப் பார்க்கும் ஆளும் விட்டுவிடுவார், ஏனென்றால் பெட்டியிலும் 52 என்றே அச்சிட்டிருக்கும். அப்படிப்பட்ட தாள் வந்தால் விவரத்தை ஏற்றாமல் நிறுத்திவைத்து, என்ஜினில் பொறித்த குறியீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிச் சப்ளையரிடம் கேட்க வேண்டும். படத்திலும் 40 என்றே இருந்தால், 42.7 cc என்று எழுதி அதற்கேற்ற விலையில் ஏற்றுங்கள்.