கம்ப்ரெஷன் சாக்ஸ்: நின்றே வேலை பார்ப்பவரின் நீண்டகால அனுபவம்

பணி நேரம் முழுவதும் நின்றே இருக்க வேண்டிய வேலையில், மாலையானால் கணுக்கால் வீங்கிக் கெண்டைக்கால் கனத்துப்போகும். அதற்காகத்தான் முழங்காலுக்குக் கீழ்வரை வரும் கம்ப்ரெஷன் சாக்ஸை அணியத் தொடங்கினேன். சில ஆண்டுகளாக வேலையிலும் நெடுந்தூர விமானப் பயணங்களிலும் அணிந்துவருகிறேன். வீக்கமும் கனமும் நன்றாகவே குறைந்தன. பாதத்தில் இருந்த வலி மட்டும் அப்படியே நின்றது, ஏனெனில் அது செருப்பைச் சார்ந்த விஷயம்.

பெட்டியில் 15–20, 20–30 என்று அச்சிட்டிருப்பது, கணுக்காலில் சாக்ஸ் தரும் அழுத்தத்தை மில்லிமீட்டர் பாதரச அளவில் குறிக்கிறது. அங்கே மிகுதியாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் இருப்பதால், தேங்கும் இரத்தம் சிரைகள் வழியே மேலேறுவது எளிதாகிறது. நிற்கும் வேலைக்கும் பயணத்துக்கும் 15–20 எனக்குப் போதுமானதாக இருக்கிறது. 20–30 என்பது சிரை நோய்களுக்காகப் பெரும்பாலும் மருத்துவர் சொல்லி அணிவது. 30–40ஐ மருத்துவ மேற்பார்வை இல்லாமல் தொடவே கூடாது.

ஆனால் அந்த எண் உண்மையாக இருப்பது அளவு பொருந்தினால்தான். காலையில், வீக்கம் ஏறுமுன், கணுக்காலின் மிகக் குறுகிய சுற்றளவையும் கெண்டைக்காலின் மிகப் பருத்த சுற்றளவையும் அளந்து வாங்க வேண்டும். செருப்பு எண்ணை மட்டும் பார்த்து வாங்குவது வீண். நீளம் மிஞ்சுகிறதென்று மேல் விளிம்பை மடித்துவிட்டால், அந்த இடத்தில் துணி இரட்டிப்பாகிக் காலைச் சுற்றிக் கயிறு கட்டியதுபோல் இறுக்கி, மேலேற வேண்டிய இரத்தத்தையே தடுத்துவிடும். கழற்றும்போது முழங்காலுக்குக் கீழே ஆழமான பள்ளம் தெரிந்தாலோ, அணிந்திருக்கையில் விரல்கள் வெளுத்தோ நீலம் பாரித்தோ மரத்துப்போனாலோ உடனே கழற்றிவிட வேண்டும்.

என் சக ஊழியர் ஒருவருக்கு நெடுநாள் நீரிழிவு. சற்றுத் தூரம் நடந்தாலே கெண்டைக்கால் வலிக்கும், நின்றால் தணியும். அவரும் இதை வாங்க நினைத்தார். நல்ல வேளையாக, அதற்கு முன் மருத்துவர் அவருடைய கணுக்கால் இரத்த அழுத்தத்தையும் கை இரத்த அழுத்தத்தையும் அளந்தார். கையில் 140, கணுக்காலில் 77; விகிதம் 0.55. இது 0.9க்குக் கீழே இருந்தாலே தமனி அடைப்பைக் காட்டும், 0.6க்கும் கீழே இறங்கிவிட்டால், பாதத்துக்குப் போகும் சிறிதளவு இரத்தத்தையும் சாக்ஸ் நெரித்துப் புண்ணில் கொண்டுபோய் விடலாம் என்பதால், வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நீரிழிவில் தமனிச்சுவர் கெட்டிப்பட்டு இந்த விகிதம் பொய்யாக உயர்ந்தும் காட்டலாம் என்பதால், விகிதம் நன்றாக இருந்தாலும் கால் விரலில் தனியாக அழுத்தம் பார்ப்பதுண்டு. கால் உணர்ச்சி மங்கியவர்களுக்கும் இது ஆபத்து, இறுக்கம் அவர்களுக்குத் தெரியாது. கடுமையான இதயச் செயலிழப்பு, காலில் தோல் தொற்று, ஆறாத புண் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அணியக் கூடாது. ஒரே காலில் மட்டும் திடீரென வீக்கமும் வலியும் வந்தால் அது இரத்தக்கட்டாக இருக்கலாம். சாக்ஸைத் தேடாமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.