ஆறு வருடச் சாப்பாட்டு மேசையும், உப்புத்தாளில் வெளிவந்த உண்மையும்

போன வாரம் நண்பர் ஒருவர் நான்கு படங்களை அனுப்பி, "பழைய கட்டில், முழுத் தேக்கு என்கிறார்கள், வாங்கலாமா?" என்று கேட்டார். படத்தைப் பார்த்ததும் எனக்குக் கட்டில் தெரியவில்லை, என் வீட்டுச் சாப்பாட்டு மேசைதான் தெரிந்தது. அந்த எரிச்சலில்தான் இதை எழுதுகிறேன். கடையின் பெயர் எதற்கு, விடுங்கள்.

ஆறு பேர் உட்காரும் மேசை. வாங்கி ஆறு வருடம் ஆகிறது. கடையில் மேசையின் ஓரத்தைக் கையால் தடவச் சொன்னார்கள். "விளிம்பைப் பாருங்க சார், தேக்கு ரேகை ஓடுது." பார்த்தேன், ஓடியது. நான்கு பக்கமும் ஓடியது. அதுதான் சந்தேகப்பட வேண்டிய இடம் என்று எனக்கு அன்று தெரியாது.

ஆறு வருடத்தில் மேசை ஒரு நாளும் ஆடவில்லை. மேல்பலகை வளையவில்லை, எங்கும் விரிசல் இல்லை. சென்ற மாதம் சூடான குக்கரை நேராக மேலே வைத்துவிட்டதில் வெள்ளையாக ஒரு வளையம் விழுந்தது. தேக்குதானே, லேசாகத் தேய்த்துப் பாலிஷ் போட்டால் போய்விடும் என்று உப்புத்தாளை எடுத்தேன். வளையம் போனது. இன்னும் நாலு இழுப்பு இழுத்தேன். ஐந்து ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு இடம் அட்டைப்பெட்டி நிறத்துக்கு மாறியது. ரேகை இல்லை, துளை இல்லை, வெறும் தூள். எம்டிஎஃப், மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை. மேலே இருந்த தேக்கு, ஏடாகச் சீவி ஒட்டிய அரை மில்லிமீட்டர் வெனீர். நாலு இழுப்புக்கு அவ்வளவுதான் தாங்கும்.

பழுது பார்க்க வந்த ஆசாரி குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது தேக்கு இல்லன்னு சொல்ல முடியாது சார். தேக்கு மேல இருக்கு, ஓரத்துல இருக்கு, காலு முழுசா இருக்கு. நடுவுலதான் இல்ல."

அவர் காட்டியதைத்தான் சொல்ல வந்தேன். ஒரு மரப்பலகையை நீளவாக்கில் அறுத்தால் நீளப் பக்கத்து ஓரத்தில் ரேகைகள் கோடுகோடாக ஓடும். அதே பலகையின் குறுகிய பக்கத்தில் அந்தக் கோடுகள் ஓட முடியாது. அங்கே மரம் குறுக்கே வெட்டுப்பட்டிருக்கும், வளையங்களின் வெட்டுமுகம்தான் தெரியும். வைக்கோல் கட்டைப் பக்கவாட்டில் பார்த்தால் தாள்கள், தலைப்பக்கம் பார்த்தால் ஓட்டைகள், அது போல. என் மேசைக்கு நான்கு பக்கமும் கோடுதான் ஓடியது. அதாவது எம்டிஎஃப் பலகையைச் சுற்றி அரை அங்குலத் தேக்குப் பட்டையை ஒட்டியிருக்கிறார்கள். ஆசாரிகள் இதை லிப்பிங் என்பார்கள். பட்டை நிஜத் தேக்கு. கடைக்காரர் பொய் சொல்லவில்லை, தடவச் சொன்ன இடத்தை மட்டும் கவனமாகத் தேர்ந்தெடுத்தார்.

அன்று இரவு பழைய படங்களைத் தேடினேன். மேசை வந்த நாளில் மகள் அதன் மூலையில் உட்கார்ந்திருக்கும் படம் ஒன்று கிடைத்தது. பெரிதாக்கிப் பார்த்தால் மூலையிலிருந்து உள்நோக்கி, சாய்வாக, முடி மாதிரி ஒரு கோடு. இரண்டு பட்டைகளும் 45 டிகிரியில் சந்திக்கும் இடம் அது. ஆறு வருடம் என் போனிலேயே ஆதாரம் இருந்திருக்கிறது.

ஆகவே படத்தை வைத்து முடிவு செய்ய வேண்டுமென்றால் முழு மேசையின் படம் உதவாது. மேல்பரப்பும் இரண்டு ஓரங்களும் ஒன்றாகத் தெரியும்படி மூலையை ஒரு அடி தூரத்திலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், பாலிஷில் பளிச்சென்று அடித்து எல்லாவற்றையும் மறைத்துவிடும். பக்கவாட்டில் விழும் ஜன்னல் வெளிச்சம் போதும். அப்புறம் குறுகிய பக்கத்தை மட்டும் கிட்டத்திலிருந்து ஒரு படம். பாலிஷ் இல்லாத மரமென்றால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு எடுத்தால் இன்னும் தெளிவாக வரும். அசல் தேக்கின் வெட்டுமுகத்தில் ஒவ்வொரு வளையத்தின் தொடக்கத்திலும் ஊசியால் குத்திய மாதிரி துளைகள் வரிசையாக நிற்கும். சாயம் பூசிய ரப்பர் மரத்தில் அந்த வரிசை இருக்காது, துளைகள் அங்கங்கே சிதறியிருக்கும்.

மேலே தெரியும் ரேகையும் ஓரத்தில் தெரிவதும் ஒன்றுக்கொன்று பேச வேண்டும். மேல்பரப்பில் கோபுரம் கோபுரமாக ரேகை இருந்தால் வெட்டுமுகத்தில் வளைவுகள் இருக்கும். மேலே நேர்க்கோடாக இருந்தால் வெட்டுமுகத்தில் கோடுகள் ஏறக்குறைய செங்குத்தாக நிற்கும். மேலே கோபுரம், ஓரத்தில் ஒன்றுமே இல்லாத வழவழப்பு என்றால் அது ஒட்டு வேலை.

இதற்கும் எல்லை உண்டு. அசல் மரப்பலகைக்கே இரண்டு முனையிலும் குறுக்குச் சட்டம் அடிக்கும் வழக்கம் இருக்கிறது, அங்கேயும் வெட்டுமுகம் மறைந்துவிடும். சட்டம் கூட்டி நடுவில் பலகை பொருத்திய வேலையிலும் அப்படித்தான். அதனால் கீழ்ப்பக்கப் படம் இல்லாமல் தீர்ப்புச் சொல்லாதீர்கள். மேலே ஒரு கணு இருந்தால் கீழே அதே இடத்தருகில் அதன் சுவடு பெரும்பாலும் இருக்கும். என் மேசையின் அடிப்பக்கம் முழுக்கக் கறுப்புப் பெயின்ட். அன்றைக்கே குனிந்திருக்கலாம். பர்மாத் தேக்கா ஆப்பிரிக்கத் தேக்கா என்று போன் படத்தைப் பார்த்துச் சொல்கிறவரையும் நம்ப வேண்டாம்.

நண்பரின் கட்டிலுக்கு வருகிறேன். தலைமாட்டுப் பலகையில் நடுக்கோட்டுக்கு இரு பக்கமும் ரேகை கண்ணாடியில் பார்த்த மாதிரி அப்படியே திரும்பியிருந்தது. ஒரே கட்டையிலிருந்து அடுத்தடுத்துச் சீவிய இரண்டு ஏடுகளைப் புத்தகம் போல விரித்து ஒட்டினால்தான் பெரும்பாலும் அப்படி வரும். மூன்றாவது படத்தில் போல்ட் துளையோரம் கொஞ்சம் சில்லு பெயர்ந்திருந்தது. பெரிதாக்கினேன். வெளிர், அடர், வெளிர் என்று அடுக்கு அடுக்காகக் கோடுகள். பிளைவுட். கால்கள் தேக்காக இருக்கலாம், அவற்றின் அடிப்பாகத்தைப் படம் எடுக்கவே இல்லை.

இனி நியாயமாகவும் பேச வேண்டும். அக்கா வீட்டு மேசை முழுத் தேக்குதான். பலகைகளை அடிச்சட்டத்தோடு அசையாமல் திருகி இறுக்கிவிட்டதால் ஒரு கோடையில் இணைப்பு விட்டு, நாணயம் நுழையும் அளவுக்கு இடைவெளி வந்தது. மரம் ஈரத்துக்கு விரியும், காய்ந்தால் சுருங்கும், அதற்கு இடம் கொடுக்கத் தெரிந்த ஆள் செய்ய வேண்டும். என் எம்டிஎஃப் பலகைக்கு அந்தத் தொல்லையே இல்லை. அகலமான மேல்பரப்புக்கு வெனீர் ஒன்றும் திருட்டு வேலை இல்லை. அதைத் தேக்கு விலைக்கு, தேக்கு என்று சொல்லி விற்பதுதான் திருட்டு. ஆசாரி ஒரு காலைக் கழற்றி அடிப்பாகத்தைச் சுரண்டிக் காட்டியபோது துளைகள் வரிசையாக நின்றன, பழைய தோல் செருப்பு வாசம் அடித்தது. அந்தக் கால்களைப் பார்த்தால் இன்னும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

காயத்துக்கு அவர் பாலிஷில் நிறம் கலந்து பூசிக் கொடுத்தார். மாலை வெயில் சாய்ந்து விழும்போது மட்டும் தெரிகிறது. நான் அந்த நேரத்தில்தான் காபி குடிப்பேன். மேசைக்கு மார்க் போடச் சொன்னால் பத்துக்கு எட்டு. தேக்கு விலைக்கு வாங்கலாமா என்றால் வேண்டவே வேண்டாம்.

கட்டிலின் கீழ்ப்பக்கத்தையும் கால்களின் அடிப்பாகத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லி நண்பர் கேட்டிருக்கிறார். "நேரில் வந்து பார்த்துக்குங்க" என்று பதில் வந்ததாம்.