டி-ஷர்ட் மடிப்பில் டிசைனைப் படியவைத்தல்: டிஸ்பிளேஸ்மென்ட் மேப்பா, கையால் வளைப்பதா?

ஒரு வெள்ளை டி-ஷர்ட்டின் ஒரே புகைப்படத்தில் பல டிசைன்களை வைத்துக் காட்டும் வேலை அண்மையில் எனக்கு வந்தது. துணியின் மடிப்புக்கேற்ப டிசைன் வளைவதற்குப் போட்டோஷாப்பில் இரண்டு வழிகள் உண்டு. Warp கருவியால் டிசைனைக் கையால் இழுத்து வளைப்பது ஒன்று. புகைப்படத்தின் வெளிச்சத்தையும் நிழலையும் சாம்பல் நிற மேப்பாக மாற்றி, அதன்படி டிசைனின் பிக்சல்களை Displace வடிப்பானால் நகர்த்துவது மற்றொன்று. வெள்ளைத் துணியின் நிழல் டிசைன் மேல் தெரிய லேயரை Multiply முறையில் வைப்பது இரண்டுக்கும் பொது.

முதலில் Warp வழியில்தான் தொடங்கினேன். நெஞ்சின் குறுக்கே ஓடிய மூன்று மடிப்புகளுக்கும் ஏற்ப இழுத்துப் பொருத்த முக்கால் மணி நேரம் ஆயிற்று. பார்வைக்குக் குறையொன்றும் இல்லை. ஆனால் டிசைனை இரண்டு விரற்கடை கீழே இறக்கும்படி வாடிக்கையாளர் கேட்டபோது, வளைவுகளும் டிசைனோடு சேர்ந்தே இறங்கிவிட்டன. துணியின் மடிப்பு ஓரிடத்திலும் எழுத்தின் நெளிவு வேறோரிடத்திலும் நின்றதால், அந்த வேலையை முதலிலிருந்து செய்ய வேண்டியதாயிற்று.

நான் மேப்பின் பக்கம் சாய்ந்ததற்கு இதுவே முதன்மையான காரணம். மேப்பில் வளைவு புகைப்படத்தோடு கட்டுண்டு கிடக்கிறது. டிசைனை எங்கே நகர்த்தினாலும் மடிப்பு தன் இடத்திலேயே இருக்கும். அதற்கு ஒரு ஏற்பாடு தேவை. புகைப்படத்தின் அதே பிக்சல் அளவில் தனிக் கோப்பு ஒன்றைத் திறந்து, அதற்குள் டிசைனை வைத்து, அந்தக் கோப்பு முழுவதையும் Smart Object ஆகப் புகைப்படத்தின் மேல் பொருத்திய பிறகே Displace கொடுக்க வேண்டும். பின்னர் Smart Object-ஐத் திறந்து, உள்ளே டிசைனை இறக்கிச் சேமித்தால், புதிய இடத்தின் மடிப்புக்கேற்ப அது தானாகவே வளைந்து வரும். Smart Object மேல் செய்த Warp-உம் டிசைனை மாற்றும்போது அழியாது என்பது உண்மைதான்; இடத்தை மாற்றும்போதுதான் அது கைவிடுகிறது.

மேப்பைத் தயாரிப்பதில்தான் கவனம் வேண்டும். Displace வடிப்பானுக்கு 128 என்ற நடுச் சாம்பல் அசைவில்லாத புள்ளி; அதைவிட வெளிறிய இடம் ஒரு திசையிலும், கறுத்த இடம் எதிர்த்திசையிலும் பிக்சல்களைத் தள்ளும். அளவை 100 என்று கொடுத்தால் மிக அதிகமான நகர்வு 128 பிக்சல். 3000 பிக்சல் அகலமுள்ள என் படத்துக்குக் கிடைமட்டம், செங்குத்து இரண்டிலும் 8 போதுமாக இருந்தது. அதாவது அதிகபட்சம் ஏறக்குறைய 10 பிக்சல். ஆனால் வெள்ளைத் துணியின் மடிப்பில்லாத பகுதி 210 அளவில் இருந்ததால், டிசைன் முழுவதும் கிடைமட்டத்திலும் செங்குத்திலும் ஆறேழு பிக்சல் தள்ளிப் போய், மடிப்புகளில் வளைவு மந்தமாகவே தெரிந்தது. Levels-இல் நடு முக்கோணத்தை வலப்பக்கம் இழுத்து, அந்தச் சமதளப் பகுதியை 128-க்குக் கொண்டுவந்த பிறகே மேப் ஒழுங்காக வேலை செய்தது. இந்தச் சாம்பல் படத்தை PSD கோப்பாகச் சேமித்தால்தான் Displace அதை ஏற்கும்.

சேமிக்கும் முன் Gaussian Blur கொடுக்க மறக்கக் கூடாது. எனக்கு 5 பிக்சல் சரியாக இருந்தது. எழுத்தின் ஓரம் பல் பல்லாகத் தெரிந்தால், துணியின் இழைகளும் மேப்பில் பதிந்துவிட்டன என்று பொருள். மங்கலைக் கூட்ட வேண்டும். நேர்கோடு மடிப்பின் விளிம்பில் முறியாமல், நீருக்கடியில் இருப்பதுபோல் அலைந்தால், மங்கல் மிகுந்துவிட்டது. இதைக் கண்டறிய, உண்மையான டிசைனுக்கு முன் வெறும் கிடைமட்டக் கோடுகளை வைத்துப் பார்ப்பது என் வழக்கம்.

மேப்புக்குத் துணியின் ஆழம் தெரியாது, வெளிச்சம் மட்டுமே தெரியும். ஆகவே பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுத்த படம் நன்றாக அமையும். நேர் எதிரே ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் மடிப்பின் நிழலே இருக்காது. துணி தன்மேலேயே கவிந்து டிசைனை மறைக்கும் இடத்தை இரண்டு வழிகளிலும் மாஸ்க் போட்டுத்தான் மறைக்க முடியும். கறுப்புத் துணியில் நான் இரண்டு படங்களே செய்திருக்கிறேன். நிழலுக்கும் வெளிச்சத்துக்கும் வேறுபாடு குறைவாக இருந்ததால், அவ்விரண்டிலும் மேப்பை மிகவும் திருத்த வேண்டியிருந்தது.

காப்பி மக்கின் படம் என்றால் என் முடிவு நேர்மாறானது. மக்கில் மடிப்பே இல்லை. வழவழப்பான பூச்சின் மேல் விழும் சன்னலின் பளபளப்பை மேப் ஒரு மேடாக எடுத்துக்கொண்டு, டிசைனை அந்த இடத்தில் பிதுக்கிவிடும். அங்கே Warp-ஐ எடுத்து, டிசைனின் மேல் ஓரத்தை மக்கின் வாய் வளைவுக்கும் கீழ் ஓரத்தை அடி வளைவுக்கும் பொருத்துவதே சரி. பக்கங்களுக்குப் போகப் போக டிசைனை நெருக்கவும் வேண்டும்; நடுவிலிருந்து 60 பாகை திரும்பிய இடத்தில் அகலம் பாதியாகவே தெரியும் என்பதால், எழுத்துகளை அதற்குள் நிறுத்திக்கொள்கிறேன்.