டிவி ரிவ்யூவில் இருக்கும் அளவீடுகள்: சில வருடம் பார்த்த பிறகு எது நின்றது

இப்போது வீட்டில் இருப்பது குவாண்டம் டாட் வகை எல்சிடி டிவி. வாங்கும்போது கடைசிச் சுற்றில் இதனோடு போட்டியிட்டது, சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகளோடு வெள்ளைப் புள்ளியும், அதாவது வெள்ளை சப்பிக்சலும் உள்ள ஓஎல்இடி டிவி. கருவி வைத்து அளந்து எழுதும் ரிவ்யூக்களில் இரண்டுக்கும் இரண்டு வகை எண்களை வைத்துக்கொண்டு முடிவெடுத்தேன். ஒன்று வண்ணப் பிழை, அதாவது டெல்டா ஈ. மற்றது கலர் வால்யூம், அதாவது நிறங்களை எவ்வளவு வெளிச்சத்திலும் இருட்டிலும் வெளுக்காமல் காட்ட முடியும் என்பது. சில வருடங்களாக தினமும் பார்த்த பிறகு இந்த இரண்டின் எடையும் ஒன்றல்ல என்று உறுதியாகச் சொல்வேன். பிழையை மெனுவில் சரிசெய்துகொள்ளலாம். வால்யூம் பேனலோடு பிறந்தது, அதை எந்த மெனுவும் கூட்டாது.

முதலில் டெல்டா ஈ. திரையில் வர வேண்டிய நிறத்துக்கும் உண்மையில் வந்த நிறத்துக்கும் உள்ள தூரம்தான் அது. 1-க்குக் கீழே இருந்தால் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டாலும் கண்டுபிடிப்பது கடினம். 3-க்குக் கீழே இருந்தால் படம் பார்க்கும்போது உறுத்தாது. இது பொதுவாக சாதாரண வெளிச்ச வரம்புள்ள வீடியோவான எஸ்டிஆருக்குப் பயன்படும் 2000-ஆம் ஆண்டுச் சூத்திரத்துக்கான கணக்கு. கூடுதல் வெளிச்ச வரம்புள்ள எச்டிஆருக்கு டெல்டா ஈ ஐடிபி என்று வேறொரு சூத்திரம் உண்டு. அது கண்ணுக்கு மிகச் சாதகமான சூழலில் தெரியக்கூடிய வித்தியாசத்தை 1 என்று வைப்பதால், எண்கள் பெரிதாகவே வரும். ஒரு ரிவ்யூவில் 2, இன்னொன்றில் 6 என்று இருந்தால், முதலில் இரண்டும் எந்தச் சூத்திரம் என்று பாருங்கள்.

நான் பார்த்த எல்சிடிக்கு, பெட்டியிலிருந்து எடுத்தபடியே அளந்த, கறுப்பிலிருந்து வெள்ளைவரை போகும் சாம்பல் வரிசையின் சராசரிப் பிழை 4-ஐத் தாண்டியிருந்தது. ஓஎல்இடிக்கு 2-ஐ ஒட்டி. இதைப் பார்த்ததும் எல்சிடியைத் தள்ளிவிடத் தோன்றும். ஆனால் சராசரிக்குக் கீழே இருந்த வரைபடம் வேறு கதை சொன்னது. 80 சதவீத சாம்பலில் பச்சையை 100 என்று வைத்தால் சிவப்பு 96, நீலம் 108. கறுப்பை ஒட்டிய ஓரம் தவிர, மற்ற எல்லாப் படிகளிலும் ஏறக்குறைய இதே விகிதம். அதாவது பிழை ஒரே திசையில், ஒழுங்காக இருக்கிறது. இப்படி இருந்தால் ஒயிட் பேலன்ஸ் மெனுவில் நீல கெயினைக் குறைத்து, சிவப்பைக் கொஞ்சம் கூட்டினால் முக்கால்வாசி போய்விடும். ஒரு படியில் நீலம் கூடுதல், அடுத்த படியில் சிவப்பு கூடுதல் என்று கோடுகள் பின்னிக்கொண்டிருந்தால்தான் தலைவலி. சராசரி 3 என்று அழகாக இருந்தாலும் அதை, இருட்டில் ஒன்று வெளிச்சத்தில் ஒன்று என்று இரண்டே இடத்தில் திருத்தும் இரண்டு புள்ளி மெனுவால் நேராக்க முடியாது.

டிவி வந்த பிறகு, கேலிப்ரேஷன் வேலை செய்யும் நண்பர் கலரிமீட்டர் கொண்டுவந்து அளந்தார். ரிவ்யூவில் சொன்ன அதே எண் என் திரையில் வரவில்லை, ஆனால் நீலம் தூக்கலாக இருந்தது உண்மைதான். அரை மணி நேரத்தில் சராசரி 1-க்குக் கீழே வந்தது. ரிவ்யூக்காரர் போட்ட கெயின் எண்களை அப்படியே நகலெடுக்க வேண்டாம் என்று சொல்வது இதனால்தான். ஒரே மாடலிலும் ஒவ்வொரு பேனலும் கொஞ்சம் மாறும். மீட்டர் கிடைக்காதவர்கள் ஃபிலிம்மேக்கர் மோட் அல்லது சினிமா மோடில் நிற வெப்பநிலையை வார்ம் என்று வைத்தாலே பெரும்பகுதி சரியாகிவிடும். முதல் சில நாட்கள் திரை மஞ்சளாகத் தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள், கண் பழகிவிடும்.

சராசரியோடு நிறுத்தாமல் அதிகபட்சப் பிழையையும், அது எந்த நிறத்தில் விழுகிறது என்பதையும் பார்ப்பது நல்லது. முழுச் செறிவு நீலத்தில் 5 பிழை இருந்தால் அன்றாடத்தில் தெரியவே தெரியாது. மனிதத் தோல் நிறங்களில் அதே 5 இருந்தால் எல்லா முகங்களும் வெயிலில் வாடியது போலத் தெரியும்.

சரி, கலர் வால்யூம். பலரும் பார்க்கும் எண் பி3 கவரேஜ், அதாவது சினிமாவுக்கான பி3 என்ற நிற வரம்பில் எத்தனை சதவீதத்தை டிவி காட்டும் என்பது. அது ஒரு தட்டையான படத்தில் எவ்வளவு பரப்பு என்று மட்டும் சொல்கிறது. நான் ஒப்பிட்ட இரண்டு டிவிகளுக்கும் 97, 98 என்று வந்து எந்த உதவியும் செய்யவில்லை. வால்யூம் அதோடு வெளிச்சத்தையும் சேர்க்கிறது: இந்தச் சிவப்பை எவ்வளவு பிரகாசமாகவும், எவ்வளவு இருட்டாகவும், வெளுக்காமல் காட்ட முடியும்?

இதை நீங்களே சோதிக்கலாம். சில ரிவ்யூக்கள் திரையில் பத்தில் ஒரு பங்கை மட்டும் ஒளிரவிடும் 10 சதவீத விண்டோவில் வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் நான்கின் உச்ச வெளிச்சத்தையும் தனித்தனியாகக் கொடுக்கும். வெளிச்சத்தின் அலகு நிட். ஓஎல்இடியில் வெள்ளை 800 நிட். சிவப்பு 110, பச்சை 332, நீலம் 38. மூன்றையும் கூட்டினால் 480 தான். மீதி 320 நிட் வெள்ளை சப்பிக்சலிலிருந்து வருகிறது, அதில் நிறம் கிடையாது. எல்சிடியில் வெள்ளை 650. சிவப்பு 149, பச்சை 450, நீலம் 51. கூட்டினால் அதே 650. விளம்பரத்தில் 800 பெரியது, ஆனால் சுத்தமான சிவப்பை எல்சிடி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல் வெளிச்சத்தில் காட்டும். வெள்ளை சப்பிக்சல் இல்லாத க்யூடி ஓஎல்இடியிலும் கூட்டுத்தொகை இப்படி வெள்ளையோடு பொருந்தும்.

வால்யூம் சதவீதத்தில் ஒரு பொறி உண்டு. சில இடங்களில் டிவியின் சொந்த உச்ச வெளிச்சத்தை 100 என்று வைத்துக் கணக்கிடுவார்கள். 300 நிட் டிவிகூட அங்கே 95 சதவீதம் வாங்கலாம். வேறு சிலர் 1,000 அல்லது 10,000 நிட் என்ற நிலையான அளவோடு ஒப்பிடுவார்கள். அங்கே நல்ல டிவியின் எண்ணும் சின்னதாக வரும். எதோடு ஒப்பிட்டது என்று தெரியாத சதவீதத்தை நான் ஒதுக்கிவிட்டு மேலே சொன்ன கூட்டலைச் செய்கிறேன்.

இத்தனை காலத்தில் வித்தியாசம் எங்கே தெரிந்தது? எச்டிஆர் படத்தில் இரவுக் காட்சி, காரின் பின்விளக்கு கேமராவை நோக்கி எரிகிறது. இந்தத் திரையில் விளக்கின் நடுப்பகுதிவரை சிவப்பாகவே நிற்கிறது. அதே காட்சியை அண்ணன் வீட்டில், வெள்ளை சப்பிக்சல் உள்ள ஓஎல்இடியில் பார்த்தபோது நடுப்பகுதி இளஞ்சிவப்பாக வெளுத்திருந்தது. தீப்பிழம்பிலும் இதேதான், ஆரஞ்சு சீக்கிரம் மஞ்சளுக்குப் போய்விடுகிறது. அனிமேஷன் படங்களில் இந்த வேறுபாடு இன்னும் அடிக்கடி வரும். சாதாரண எஸ்டிஆர் நிகழ்ச்சிகளில் எதுவுமே தெரியாது. அவை சுமார் 100 நிட்டுக்கும் சின்ன நிற வரம்புக்கும் தயாரானவை, இரண்டு டிவிக்கும் அது சுலபம். செய்தியும் பழைய படங்களும் மட்டும் பார்ப்பவர் வால்யூமுக்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

கீழ்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். வால்யூமின் அடித்தளம் கறுப்பு. பின்விளக்கு கசியும் எல்சிடியில் ஆழமான கருநீலத்தோடு கொஞ்சம் சாம்பல் வெளிச்சமும் கலந்துவிடும். நள்ளிரவுக் கடல் போன்ற காட்சிகளில் என் டிவி தோற்கிறது, அண்ணனுடையது அற்புதமாக இருக்கிறது. ரிவ்யூவில் வெளிச்சப் படி வாரியாக நிறப் பரப்பை வளையங்களாகப் போட்டிருந்தால், இருட்டுப் படிகளுக்கான உள்ளே இருக்கும் சின்ன வளையங்கள் சுருங்கியிருப்பதில் இது முன்கூட்டியே தெரியும். விளக்கணைத்து இருட்டில் மட்டும் படம் பார்ப்பவருக்கு நான் ஓஎல்இடியைத்தான் சொல்வேன். என் அறையில் பகலில் வெளிச்சம் அதிகம், அதனால் மேல்பக்கத்துக்கு எடை கொடுத்தேன்.

ஓராண்டுக்கு மேல் கழித்து நண்பர் மறுபடி அளந்தார். சாம்பல் வரிசையின் பிழை 2-க்குச் சற்றுக் கீழே வரை நகர்ந்திருந்தது, நீலத்தை இரண்டு படி மாற்றியதும் திரும்பி வந்தது. சிவப்பின் உச்ச வெளிச்சம் முதல் நாள் அளந்ததிலிருந்து சொல்லும்படி மாறவில்லை.