பொதுக் கூப்பனா, தனிக் கூப்பனா? விளம்பரம் பார்த்துக் கடைக்கு வந்தவர்களை எண்ணும் இரண்டு வழிகள்

இன்ஸ்டாகிராமில் ஆடித் தள்ளுபடி விளம்பரம் போடும் ஒரு துணிக்கடையை எடுத்துக்கொள்வோம். “பில் போடும்போது ADI100 என்று சொன்னால் 100 ரூபாய் குறைவு” என்பது பொதுக் கூப்பன். செலவில்லை, ஒரே நாளில் ஆரம்பித்துவிடலாம். ஆனால் அது ஒழுகும். ஒருவர் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டால் போதும், விளம்பரத்தையே பார்க்காதவர்களும் கூப்பனோடு வருவார்கள். வாடிக்கையாளர் கேட்காமலே கேஷியர் தானாகப் போட்டுக் கொடுப்பதும் நடக்கும். பில்களைக் கவுண்டர் வாரியாகப் பிரித்துப் பாருங்கள். ஒரு கவுண்டரில் மட்டும் கூப்பன் குவிந்திருந்தால் சந்தேகப்பட வேண்டியது அங்கேதான்.

தனிக் கூப்பனில், விளம்பரத்தைத் தட்டியவர் போன் நம்பர் கொடுத்ததும் அவருக்கென்று ஒரு எண் வரும். ஒருமுறை பயன்படுத்தினால் அது செல்லாது. நம்பர் கொடுக்கத் தயங்கிச் சிலர் விலகிவிடுவார்கள், சிலர் கூப்பன் வாங்காமலே கடைக்கு வருவார்கள். அதனால் கணக்கு குறைவாகத்தான் காட்டும். ஆனாலும் நான் இதையே தேர்ந்தெடுப்பேன். போன் நம்பரும், கூப்பன் வாங்கிய நேரமும் கையில் கிடைக்கின்றனவே!

விளம்பரச் செலவு 20,000 ரூபாய், பயன்படுத்தப்பட்ட தனிக் கூப்பன் 160 என்று வைத்துக்கொள்வோம். தலைக்கு 125 ரூபாய், பரவாயில்லை என்று தோன்றும். இப்போது அந்த நம்பர்களைப் பழைய பில்களோடு ஒப்பிடுகிறோம். 90 பேர் ஏற்கெனவே நம் வாடிக்கையாளர்கள். புதியவர்கள் 70 பேர்தான். தள்ளுபடியாகப் போன 16,000 ரூபாயும் செலவுதானே? மொத்தம் 36,000. புதியவர் ஒருவருக்கு 514 ரூபாய் ஆகியிருக்கிறது. ஒருவர் சராசரியாக வாங்கும் துணியில் லாபம் அதைவிடக் குறைவு என்றால், அவர் திரும்ப வந்தால்தான் இந்த விளம்பரம் கட்டுப்படியாகும்.

அடுத்து நேரம். கூப்பன் வாங்கியதற்கும் பில் போட்டதற்கும் இடையே ஐந்து நிமிடம்தான் என்றால், அவர் வரிசையில் நின்றபடியே தேடி எடுத்திருக்கிறார். அவரைக் கடைக்கு அழைத்து வந்தது அந்தக் கூப்பன் இல்லை. அந்தப் பில்களைத் தனியே ஒதுக்கிவிட வேண்டும். பொதுக் கூப்பனில் இதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

சரி, பொதுக் கூப்பன் வீணா என்றால் இல்லை. வீடியோ விளம்பரத்துக்கு ADI100, படத்துக்கு ADI200 என்று வைத்து, தள்ளுபடியை ஒரே அளவாகக் கொடுத்தால், எது அதிகம் இழுக்கிறது என்று ஓரளவு தெரியும். ஒழுக்கு இரண்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும் என்பதால் ஒப்பீடு நிற்கும், தனித்தனி எண்ணிக்கை நிற்காது.

பழைய வாடிக்கையாளர் விளம்பரம் இல்லாவிட்டாலும் வந்திருப்பாரா என்பதை இரண்டு கூப்பனும் சொல்லாது. பல ஊர்களில் கிளை இருந்தால், சில ஊர்களில் விளம்பரத்தை நிறுத்திவிட்டு, மொத்தப் பில் எண்ணிக்கையை மற்ற ஊர்களோடு, முந்தைய வாரங்களையும் சேர்த்து ஒப்பிடலாம். ஒற்றைக் கடைக்கு அந்த வசதி கிடையாது. அந்தக் கடைக்காரர் மொத்தச் செலவு 36,000-ஐ 160 பேருக்கும் வகுத்தால் வரும் 225, புதியவர்களுக்கு மட்டும் வகுத்தால் வரும் 514 இரண்டையும் எழுதி வைத்துக்கொண்டு, உண்மைச் செலவு இவற்றுக்கு நடுவில் எங்கோ இருக்கும் என்று தோராயமாக எடுத்துக்கொள்ளலாம்.