தூங்குபவரின் கையை ஏன் கட்டி வைக்க வேண்டும்?

இடுப்பு எலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட மாமாவைப் பார்க்கத்தான் இந்த முறை ஊருக்குப் போனேன். அவருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. வெளிநாட்டில் வார்டு நர்ஸாக வேலை செய்கிறேன், அதனால் ஆபரேஷன் முடிந்த இரவு அவர் கையைக் கட்டிவிட்டார்கள் என்று அத்தை சொன்னதும் கேஸ் ஷீட்டைப் பார்க்கலாமா என்று டாக்டரிடம் கேட்டேன். மறுக்காமல் காட்டினார். கட்டுப்படுத்தி வைக்கும்போது நிரப்ப வேண்டிய படிவமும் அதில் இருந்தது. அதற்காக அந்த மருத்துவமனையைப் பாராட்ட வேண்டும்.

ஆனால் நிரப்பிய விதம் வேறு கதை சொன்னது. காரணம் என்ற இடத்தில் 'கிளர்ச்சி' என்று ஒரே சொல். மாற்று முயற்சிகள் என்ற இடத்தில் ஒரு டிக். அதன் கீழே 15 நிமிடத்துக்கு ஒரு முறை 'நலம்', 'நலம்' என்று ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில், ஒரே மூச்சில் எழுதியது போல வரிசை. இரவு 10:15-க்கு மட்டும் 'தூங்குகிறார்' என்று இருந்தது. அவிழ்த்த நேரம் காலை 6:00.

இந்தப் படிவத்தில் நான் முதலில் தேடுவதே இந்த இரண்டு நேரங்களைத்தான்: எப்போது அமைதியானார், எப்போது அவிழ்த்தார்கள். கட்டியதற்கான ஆபத்து 10:15-க்கே போய்விட்டது என்று அவர்கள் படிவமே சொல்கிறது. மீதி ஏழே முக்கால் மணி நேரமும் 'எதற்கும் இருக்கட்டும்' என்ற கட்டு. ஊசி போட்டுத் தூங்க வைத்திருந்தால் கவலை இன்னும் அதிகம். அப்போது மூச்சு எண்ணிக்கையும் ஆக்சிஜன் அளவும் எழுதியிருக்க வேண்டும், 'நலம்' போதாது. மல்லாந்து படுத்து, கை கட்டிய நிலையில் வாந்தி வந்தால் அவரால் திரும்பிப் படுக்கவும் முடியாது.

மறுநாள் இரவு வேறொரு சிஸ்டர் டியூட்டியில் இருந்தார். மாமா மறுபடியும் குழம்பிப்போய், ஆக்சிஜன் மாஸ்க்கைக் கழற்றிக்கொண்டே இருந்தார். அந்த சிஸ்டர் எழுதியது இப்படி: 'மாஸ்க்கை நான்கு முறை கழற்றினார், கழற்றினால் ஆக்சிஜன் 86-க்கு இறங்குகிறது.' நோயாளி எப்படிப்பட்டவர் என்று எழுதவில்லை. என்ன செய்தார், அதனால் என்ன ஆபத்து என்று எழுதினார். காரணம் என்ற இடத்துக்கு வேண்டியது இதுதான்.

மாற்று முயற்சிகளுக்கு வந்தபோது கண்ணாடியையும் காது மெஷினையும் மாட்டிவிட்டார், அத்தையைப் பக்கத்தில் உட்காரச் சொன்னார், வலி மருந்து எப்போது கொடுத்தது என்று பார்த்தார். அப்புறம் யூரின் பையைப் பார்த்தார். பத்து மணியிலிருந்து அதில் ஒன்றுமே ஏறவில்லை. தொடைக்கு அடியில் டியூப் மடங்கிக் கிடந்தது. நேராக்கியதும் 600 மில்லி இறங்கியது! வயதானவர்களுக்குத் திடீர்க் குழப்பம் வர அடைபட்ட சிறுநீர், வலி, மலச்சிக்கல், ஆக்சிஜன் குறைவு எல்லாமே காரணமாகலாம். கட்டுவதற்கு முன் இவற்றைத் தேட வைக்கத்தான் அந்த இடமே படிவத்தில் இருக்கிறது. வெறும் டிக் போட்டால் யாரும் டியூப்பைப் பார்க்கப்போவதில்லை.

அதற்குப் பிறகும் உடனே அடங்கவில்லை. டாக்டர் வந்து பார்த்து உத்தரவு எழுதிய பின், 1:10-க்கு மாஸ்க்கை இழுக்கும் வலது கையை மட்டும் கட்டினார்கள். கட்டுக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் இடைவெளி. ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சு, அதுவும் கட்டிலின் சட்டத்தில். பக்கத் தடுப்புக் கம்பியில் கட்டினால், அதை ஏற்றி இறக்கும்போது கை இழுபடும். 15 நிமிடத்துக்கு ஒரு முறை விரல்களின் நிறம், சூடு, அசைவு, மூச்சு எல்லாம் அந்தந்த நேரத்திலேயே எழுதப்பட்டன. 1:40-க்குத் தண்ணீர் கேட்டதும் தலையை உயர்த்திக் கொடுத்தது கூட இருக்கிறது.

2:05-க்குப் பெயரைக் கேட்டால் பதில் சொன்னார், மாஸ்க்கைத் தொடவில்லை. அவிழ்த்தார்கள். 2:20-க்கு, 'மாஸ்க் போட்டபடி இருக்கிறார், மணிக்கட்டில் காயமில்லை.' கட்டு இருந்தது 55 நிமிடம்.

மனநல மருத்துவமனைகளுக்கு 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது: கட்டிய முறை, காரணம், நேர அளவு உடனடியாகப் பதிவாக வேண்டும், ஆள் பற்றாக்குறையைக் காரணம் காட்டிக் கட்டக்கூடாது, நோயாளி நியமித்த பிரதிநிதிக்கு 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். மாமா இருந்தது பொது வார்டு. ஆனாலும் அத்தைக்கு முதல் இரவின் கட்டு காலையில் மணிக்கட்டின் தடத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. குடும்பத்துக்குச் சொன்ன நேரம் என்று படிவத்தில் ஓர் இடமே இல்லை. அதைச் சேர்க்கச் சொல்லியும், அமைதியானார் என்று எழுதிய அடுத்த பதிவிலேயே அவிழ்த்துப் பார்த்தார்களா, இல்லையென்றால் ஏன் என்று எழுத ஒரு வரி வேண்டும் என்றும் நர்சிங் கண்காணிப்பாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.