வலைக்கும் பணம் கொடுத்தேன், சுவருக்குள் வலை இல்லை

மடிப்பாக்கத்தில் சொந்த வீடு கட்டிக் குடிபோன முதல் மே மாதத்திலேயே பின்னறையில் விரிசல் தெரிந்தது. சன்னலுக்கு மேலே, பீமின் அடிமட்டத்தை ஒட்டி, நூல் பிடித்து வரைந்ததுபோல் நேர்கோடு. ஒப்பந்தக்காரரை அழைத்தேன். வந்து பார்த்தவர், "அம்மா, இது வெறும் பூச்சு விரிசல். எல்லா வீட்டிலும் வரும்" என்று சொல்லி, பெயிண்டரை விட்டுப் பட்டி அடித்து வண்ணம் பூசிக் கொடுத்தார். ஆகஸ்டுக்குள் அதே இடத்தில் அதே கோடு திரும்ப வந்தது. மறுபடியும் பட்டி, மறுபடியும் வண்ணம். நவம்பர் மழையில் அந்தக் கோட்டிலிருந்து ஈரம் கீழே இறங்கிச் சுவர் உப்பிப் பெயர்ந்தபோதுதான் ஏமாற்றப்பட்டிருக்கிறேன் என்பது எனக்கு உறைத்தது.

எங்கள் ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிருந்தோம்: பீமும் செங்கல் சுவரும் சேரும் இடங்களிலும், தூணும் சுவரும் சேரும் இடங்களிலும் பூச்சுக்கு முன் கோழி வலை என்னும் மெல்லிய கம்பி வலை அடிக்க வேண்டும். அதற்குத் தனியாகப் பணமும் கொடுத்தேன். வலை அடித்த படத்தையும் கைப்பேசியில் அனுப்பினார்கள். அது கூடத்தின் படம். மற்ற அறைகளின் படத்தை நான் கேட்கவில்லை, அவர்களும் அனுப்பவில்லை.

வேறொரு மூத்த கொத்தனாரை அழைத்து வந்து பின்னறையில் ஓர் அடி நீளத்துக்குப் பூச்சைக் கொத்தச் சொன்னேன். அவர் முதலில் நாணயத்தால் தட்டினார். கோட்டுக்கு மேலே, பீமின் மீது, 'டொக்' என்று உள்ளீடற்ற சத்தம் வந்தது. உளியை வைத்ததும் பூச்சு அப்பளம்போல் முழுத் தகடாகக் கழன்று விழுந்தது. "வலையே இல்லை, அம்மா. பீமைக் கொத்தவும் இல்லை. பலகை பிரித்த அன்று இருந்த வழவழப்பு அப்படியே இருக்கிறது" என்றார். அதைவிட மோசம், கடைசி வரிசைச் செங்கல்லுக்கும் பீமுக்கும் நடுவே என் விரல் நுழையும் அளவு இடைவெளி. அதற்குள் கலவை அடைக்காமல் வெளியே பூச்சை மட்டும் இழுத்து மூடியிருந்தார்கள்.

அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்பதை அவர் சொல்லச் சொல்ல, பட்டி ஏன் நிற்கவில்லை என்பது விளங்கியது. கான்கிரீட்டும் செங்கல்லும் வெயிலுக்கு ஒரே அளவில் நீள்வதில்லை. கான்கிரீட் ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளும். எங்கள் பின்னறைப் பீம் 4 மீட்டர். அதிகாலைக்கும் மேற்கு வெயில் அடிக்கும் மாலைக்கும் சுவர்ச் சூட்டில் 20 டிகிரி வேறுபாடு என்று வைத்துக்கொண்டால், பீம் சுமார் 0.8 மில்லிமீட்டர் நீள, செங்கல் சுவர் அதில் பாதிதான் நீள்கிறது. மீதி 0.4 மில்லிமீட்டர் இழுப்பு முழுவதையும் இரண்டுக்கும் குறுக்கே ஒட்டியிருக்கும் பூச்சு வாங்கிக்கொள்கிறது. சிமெண்டுப் பூச்சு அழுத்தத்தைத் தாங்கும், இழுப்பைத் தாங்காது. ஆகவே இணைப்புக் கோட்டிலேயே பிளக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. ஒன்பது அடிச் சுவரில் ஏறக்குறைய முப்பது வரிசைச் செங்கல், அத்தனை வரிசைக்கும் இடையில் ஈரக் கலவை. அது உலர்ந்து சுருங்கும்போது சுவர் தன் எடையிலேயே சற்றுக் கீழே இறங்கும். பீமோ தூண்களின் மேல் நிற்கிறது, சுவரோடு சேர்ந்து இறங்காது. அதனால்தான் சுவரைப் பீமுக்கு ஒரு வரிசை கீழேயே நிறுத்தி, ஒரு வாரமாவது காத்திருந்து, அதன்பின் மேல் வரிசையை வைத்துக் கலவையை இறுக்கி அடைக்க வேண்டும். எங்கள் பின்னறையில் சுவர் எழும்பிய அன்றே மேல் வரிசையையும் முடித்தார்கள். வேலை வேகமாக நடக்கிறதே என்று அன்று மகிழ்ந்தது இன்றும் என்னை உறுத்துகிறது.

வலை இந்த அசைவை நிறுத்திவிடாது. இழுப்பு முழுவதும் ஒரே கோட்டில் விழாமல், ஓர் அடி அகலத்துக்குப் பரப்பிவிடும். ஒரு பெரிய பிளவுக்குப் பதிலாகக் கண்ணுக்கே தெரியாத மயிரிழைகளாகப் பிரிந்துபோகும். அதற்குக் கம்பிகள் பூச்சின் நடுவில் பொதிந்திருக்க வேண்டும். பூச்சு காய்ந்தபின் மேலே ஒட்டினால் அந்தப் பலன் கிடைக்காது. பூச்சுக்கு முன்பே அடிப்பது இதற்காகத்தான்.

அடிப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. துருப்பிடிக்காத துத்தநாகப் பூச்சுக் கம்பி வலையை மூன்றடி அகலச் சுருளிலிருந்து ஓரடிப் பட்டைகளாக வெட்டுவார்கள். பீமின் மேல் அரை அடி, செங்கல் மேல் அரை அடி விழவேண்டும். மூன்று அங்குலப் பட்டையை ஒட்டுப்போட்டுவிட்டு வலை அடித்தாகிவிட்டது என்பவர்களும் இருக்கிறார்கள். பீமை முதலில் கொத்திச் சொரசொரப்பாக்கி, தூசி போகக் கழுவ வேண்டும். வலையைத் தொய்வில்லாமல் இழுத்து ஆணியடிக்க வேண்டும், ஆனால் சுவரோடு அப்பிக்கொள்ளவும் விடக்கூடாது. பின்னால் சில மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால்தான் கலவை கண்ணிகள் வழியாக உள்ளே புகுந்து கம்பியைச் சுற்றிப் பிடிக்கும். ஒட்டிக் கிடக்கும் வலைக்குப் பின்னால் வெற்றிடம் நிற்கும், பூச்சு அங்கேயே கழன்றுவிடும். மின்குழாய்க்காகச் சுவரில் வெட்டிய காடிகளின் மேலும் இதே வலை வேண்டும்.

ஒப்பந்தக்காரரிடம் உடைத்த இடத்தைக் காட்டினேன். சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "கூடத்தில் போட்டோமே, அம்மா" என்றார். மற்ற அறைகளுக்கு வாங்கிய பணம் என்னாயிற்று என்று கேட்டேன். பதில் இல்லை. அடுத்த வாரம் ஆள் அனுப்புவதாகச் சொல்லிப் போனவர், அதன்பின் அழைப்பை எடுக்கவே இல்லை.

பின்னறையை மூத்த கொத்தனாரே சரிசெய்தார். கோட்டுக்கு இருபுறமும் அரை அடி பூச்சை நேராக வெட்டி எடுத்தார். இடைவெளியில் கெட்டியான கலவையைக் கம்பியால் குத்திக் குத்தி அடைத்து, சில நாள் நனைத்து விட்டார். பிறகு பீமைக் கொத்தி, வலை அடித்து, இரண்டு தடவையாகப் பூசினார். ஏழு நாள் காலையும் மாலையும் நானே தண்ணீர் தெளித்தேன். ஒரு கோடை கடந்துவிட்டது, அந்தச் சுவரில் கோடு இல்லை.

கட்டிக்கொண்டிருப்பவர்களே, பூச்சு தொடங்கும் நாளுக்கு முந்தைய மாலை நேரில் போங்கள். அறை அறையாகப் பீமின் அடி, தூணின் ஓரம் எல்லாவற்றையும் அளவு நாடா தெரியும்படி படம் எடுங்கள். வலை இல்லாத அறையில் கலவை குழைக்க விடாதீர்கள். பூச்சுக்கான பணத்தை அதற்குப் பிறகு கொடுங்கள்.

குடியிருப்பவர்கள் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பீமின் அடியிலோ தூணின் ஓரத்திலோ நேர்கோடாக ஓடுவதுதான் நான் சொல்லும் விரிசல். சுவரில் படிக்கட்டுபோல் சாய்வாக ஏறினாலோ, பீமின் உடம்பிலேயே பிளவு தெரிந்தாலோ அது வலை விவகாரம் அல்ல. கொத்தனாரை அல்ல, கட்டடப் பொறியாளரை அழையுங்கள்.

எங்கள் வீட்டில் சமையலறையையும் மாடி அறையையும் இன்னும் திறந்து பார்க்கவில்லை. இரண்டிலும் அதே நேர்கோடு தெரிகிறது. அடுத்த மழைக்கு முன் வெளிப்பக்கச் சுவரை முடித்துவிட வேண்டும் என்று அந்தக் கொத்தனாரிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.